செட்டில்மென்ட் போட்டோவ இப்படி பிரிச்சு பாருங்க

வணக்கம்ங்க, கிருஷ்ணகிரி பழையபேட்டையில இருந்து பேசறேன், வீட்ல தச்சு ஆன்லைன்ல நைட்டி விக்கிறேன்ல, போன வாரம் வந்த செட்டில்மென்ட் ரிப்போர்ட்ட, அதாவது ஆன்லைன் தளம் தன்னோட பங்க புடிச்சது போக நமக்கு எவ்வளவு குடுக்குதுங்கற கணக்க, போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், அத ஸ்கிரீன்ல காட்டறேன் பாருங்க.

மேல முதல் வரி சேல்ஸ் 4,200. ஒரு நைட்டி 420, 10 ஆர்டர். இந்த 420ல 20 ரூபா ஜிஎஸ்டி, அது நம்ம காசு இல்ல. அதுக்கு கீழ ரிட்டர்ன் மைனஸ் 840, சைஸ் சரியில்லன்னு 2 பீஸ் திரும்பி வந்துடுச்சு. மிச்சம் 3,360.

அடுத்து கமிஷன். 10 பர்சன்ட், 420 புடிச்சிட்டு, திரும்பின ரெண்டுக்கு 84 திருப்பி குடுத்திருக்காங்க, ஆக 336. ஷிப்பிங்ல தான் விஷயமே இருக்கு. பீஸுக்கு 60ன்னு 10க்கும் 600, திரும்பின ரெண்டுக்கு போன ஷிப்பிங்க திருப்பி தரலீங்க, அதுக்கு மேல ரிட்டர்ன் ஷிப்பிங் 75ன்னு 150. இந்த மூணும் சேந்து 1,086, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 195.48. கடைசியா டிசிஎஸ் 16, அதாவது தளமே புடிச்சு நம்ம பேர்ல கட்டற வரி, வரி இல்லாத நிகர விற்பனை 3,200ல அரை பர்சன்ட், இது செலவு இல்ல, ஜிஎஸ்டி போர்ட்டல்ல அக்செப்ட் பண்ணா நம்ம கேஷ் லெட்ஜர்ல வந்து உக்காந்துக்கும்.

நெட் பேஅவுட் 2,062.52.

நான் முதல் தடவ கூட்டினப்போ 2,362.52 வந்துச்சு, 300 ரூபா எங்க போச்சுன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நோட்ட வச்சிட்டு உக்காந்திருந்தேன். வித்தியாசத்த பாதியாக்கி பாருங்க, 150. ரிப்போர்ட்ல 150ன்னு எந்த வரி இருக்கு? ரிட்டர்ன் ஷிப்பிங். போட்டோவ பெருசாக்கி பாத்தா முன்னாடி இருந்த சின்ன மைனஸ் கோடு மங்கி கெடக்கு, கழிக்க வேண்டியத கூட்டிட்டேன், அதான் ரெண்டு மடங்கு தப்பு. அதனால போட்டோவ மட்டும் நம்பாதீங்க, எக்செல் ஃபைலும் டவுன்லோட் பண்ணிக்கோங்க.

இப்ப ரிட்டர்ன் ஒன்னு வந்தா உண்மையில என்ன ஆகுதுன்னா, போக 60, வர 75, 135க்கு 18 பர்சன்ட் சேத்தா 159.30. ஜிஎஸ்டிய கிரெடிட் எடுத்தாலும் 135 போச்சு, ஒரு நைட்டிக்கு எனக்கு நிக்கற லாபத்த விட ஜாஸ்திங்க இது. ரிப்போர்ட்ல எங்கயுமே இந்த 135 ஒரே வரியா வராது, நாமதான் ஆர்டர் நம்பர் பாத்து சேக்கணும்.

இன்னொன்னு, ரிட்டர்ன் பெரும்பாலும் அடுத்த சைக்கிள்ல தான் கழியும், அதனால இந்த வாரம் வித்ததையும் இந்த வாரம் கழிச்சதையும் ஒன்னா பாத்து லாபம்னு எழுதிடாதீங்க. நான் இப்ப சைஸ் சார்ட்ட இன்ச் டேப் வச்சு அளந்து போட்டோ எடுத்து லிஸ்டிங்ல ரெண்டாவது படமா போட்டிருக்கேன், அடுத்த செட்டில்மென்ட் வந்ததும் ரிட்டர்ன் எத்தனைன்னு காட்டறேன்.