விளக்குச் சரத்துக்கு முன்னாடி நிக்கிற மைக் ஸ்டாண்டை படத்திலிருந்து எடுக்குறது எப்படி?

[திரை: முழுப் படம். நடனக் கலைஞர், இடப்பக்கம் மைக் ஸ்டாண்ட், பின்னாடி மங்கலான விளக்குச் சரங்கள்]

இந்தப் படத்தைப் பாருங்க. நடனம் ஆடுறவங்க சுழன்று திரும்புற கணம். கை, பார்வை, பாவாடை விரிஞ்சிருக்கிற விதம் எல்லாமே சரியா அமைஞ்சிருக்கு. ஆனா அவங்க பக்கத்துல ஒரு மைக் ஸ்டாண்ட் கறுப்புக் கோடா தரை வரைக்கும் இறங்குது. அதோட அடியிலிருந்து ஒரு கேபிள் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது.

வெறும் சுவருக்கு முன்னாடி இருந்தா இது ஒரு நிமிஷ வேலை. இங்க பின்னாடி வட்ட வட்டமா மங்கின விளக்குகள் இருக்கு. ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறுற வெளிச்சம் இருக்கு, நடுவுல புகையும் இருக்கு. இந்த வீடியோவில் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யப் போறோம். குளோன் ஸ்டாம்ப்பும் ஹீலிங் பிரஷ்ஷும் உள்ள எந்த மென்பொருளிலும் இதே வழிதான்.

[திரை: ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. விளக்கு வட்டத்தின் ஓரம் கலங்குகிறது]

முதல்ல, ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷால ஒரே இழுப்பா இழுத்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. வட்டம் இருந்த இடத்துல அழுக்குத் துணியால துடைச்ச மாதிரி ஒரு கறை. ஹீலிங் வகைக் கருவிகள் அமைப்பை ஒரு இடத்திலிருந்து எடுத்துக்கும், நிறத்தையும் வெளிச்சத்தையும் நாம தீட்டுற பகுதியோட ஓரத்திலிருந்து எடுத்துக்கும். அந்த ஓரத்துல ஒரு பிரகாசமான விளக்கோ, ஸ்டாண்டோட மிச்சக் கறுப்போ தொட்டுக்கிட்டு இருந்தா அந்த நிறம் அப்படியே உள்ள கசிஞ்சிடும்.

அதனால விளக்கு மேலயும் உடை ஓரத்திலயும், ஒரு இடத்தை அப்படியே நகலெடுக்கிற குளோன் ஸ்டாம்ப். சுத்திலும் ஒரே மாதிரி இருக்கிற இடத்துல மட்டும் ஹீலிங்.

[திரை: புது லேயர், கருவிப் பட்டை]

ஒரு காலி லேயர் போடுங்க. குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் ரெண்டுக்கும் Sample பெட்டியில் Current & Below தேர்ந்தெடுங்க. அசல் படத்தைத் தொடாம வேலை நடக்கும், சரியா வரலைன்னா அந்த இடத்தை மட்டும் அழிச்சுட்டு மறுபடி தொடங்கலாம். படம் ரா கோப்பா இருந்தா 16 பிட்டில் திறங்க. புகை மேல வெளிச்சம் மெல்ல மாறுற இடங்கள் 8 பிட்டில் பட்டை பட்டையா உடைய வாய்ப்பு அதிகம்.

[திரை: ஸ்டாண்ட் பாவாடையைத் தொடும் இடம், பெரிதாக்கி]

வேலையை எங்க தொடங்குறோம்ங்கிறது முக்கியம். பலரும் மேலிருந்து கீழ வருவாங்க. நான் உடையைத் தொடுற இடத்துலதான் முதல்ல கை வைப்பேன். பாவாடையோட ஓரம் சரியா அமையலைன்னா மத்தது எவ்வளவு சுத்தமா இருந்தாலும் கண்ணு அங்கதான் போகும். பென் டூலால பாவாடை ஓரத்தை ஸ்டாண்டுக்கு மேலயும் கீழயும் பார்த்து, நடுவுல மறைஞ்ச பகுதியை அதே வளைவில் வரைஞ்சு, அதை செலக்‌ஷனா மாத்துங்க. ஓரத்தை அரை பிக்சலிலிருந்து ஒரு பிக்சல் வரைக்கும் மென்மையாக்குங்க. இப்ப உள்பக்கத்துக்குத் துணியிலிருந்தே எடுத்து நிரப்பணும். அப்புறம் செலக்‌ஷனை தலைகீழாக்கி, வெளிப்பக்கத்துக்குப் பின்னணியிலிருந்து எடுக்கணும். துணியில் மடிப்பு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே பிரஷ்ஷை நகர்த்துங்க.

[திரை: பாதி மறைந்த விளக்கு வட்டங்கள்]

அடுத்தது விளக்கு வட்டங்கள். ஸ்டாண்ட் ஒரு வட்டத்தை நடுவுல வெட்டிக்கிட்டுப் போகுது. பக்கத்துல இருக்கிற முழு வட்டம் ஒண்ணைக் காப்பி பண்ணி மேல வைக்கலாம்தான். ஆனா லென்ஸை முழுசா திறந்து எடுத்த படத்துல நடுவுல இருக்கிற வட்டங்கள் உருண்டையா இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக எலுமிச்சை வடிவத்துக்கு நசுங்கும். அந்த நசுங்கல் படத்தோட மையத்தைச் சுத்தி அமையும். நடுவிலிருந்து எடுத்த வட்டத்தை ஓரத்துல வெச்சா, ஏன்னு சொல்லத் தெரியாட்டியும் பார்க்குறவங்களுக்கு உறுத்தும்.

அதனால மையத்திலிருந்து ஏறக்குறைய அதே தூரத்துல, அதே உயரத்துல, எதிர்ப்பக்கம் இருக்கிற வட்டத்தை எடுத்து இடம் வலமா திருப்பி வைங்க. சாய்வு தானா பொருந்தும். பிறகு கர்வ்ஸை அந்த லேயருக்கு மட்டும் பூட்டி, நிறத்தைச் சுத்தி இருக்கிற விளக்குகளோட சமமாக்குங்க. மாஸ்க்கால ஸ்டாண்ட் மறைச்ச கீற்றை மட்டும் விட்டு மத்ததை மறைச்சிடுங்க. வட்டத்தோட அசல் பாதி அங்கயே இருக்கட்டும்.

[திரை: வெளிச்சம் மாறும் பகுதி]

இனி விளக்கு இல்லாத புகைப் பகுதி. ஸ்டாண்டுக்கு இடது பக்கம் கொஞ்சம் ஊதா, வலது பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்து நிரப்பினா மறுபக்கம் ஒரு தையல் கோடு தெரியும். பாதி அகலத்தை இடமிருந்தும் பாதியை வலமிருந்தும் எடுங்க. பிரஷ் கடினம் 30 சதவீதம் போல இருந்தா போதும். நடுவுல ஸ்டாண்டோட கறுப்பு எதுவும் மிச்சமில்லைன்னு உறுதியானதும், அந்த நடுக்கோட்டில் மட்டும் ஹீலிங் பிரஷ். இப்ப அது அழகா வேலை செய்யும், ஏன்னா ஓரத்துல கசியறதுக்கு எதுவும் இல்ல.

இப்படி மேல மேல தீட்டும்போது படத்தோட நாய்ஸ் மழுங்கிடும். மேடைப் படங்கள் பெரும்பாலும் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்தவை, அதனால வழுவழுப்பான ஒரு பட்டை தனியா தெரியும். 50 சதவீத சாம்பல் நிறத்துல ஒரு லேயர், Overlay முறை, அதில் கொஞ்சம் நாய்ஸ். 100 சதவீத அளவில் பார்த்து பக்கத்துப் பகுதியோட ஒத்துப் போற வரைக்கும் கூட்டிக் குறைங்க. தீட்டின இடத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்க.

[திரை: தரை, கேபிள், பளபளப்பில் தெரியும் பிம்பம்]

கேபிள் மெல்லிசா இருக்கிறதால சுலபம். வளைவு வழியா கொஞ்சம் கொஞ்சமா குளோன் பண்ணிட்டுப் போனா போதும். தப்பிப் போறது அதோட நிழலும், பளபளப்பான தரையில் விழுந்த ஸ்டாண்டோட பிம்பமும்தான். பொருள் போயி பிம்பம் நின்னா படம் உடனே காட்டிக் கொடுத்துடும்.

[திரை: கர்வ்ஸ் லேயர், அலை வடிவக் கோடு]

முடிச்சதா தோணுதா? எல்லாத்துக்கும் மேல ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மேலயும் கீழயும் செங்குத்தா அலை மாதிரி இழுங்க. நிறங்கள் கன்னாபின்னான்னு மாறும், கண்ணுக்குத் தெரியாம இருந்த தையல் அத்தனையும் அதில் வெளிச்சத்துக்கு வரும். சரி பண்ணிட்டு அந்த லேயரை நீக்கிடுங்க. ஒரே புள்ளியோ ஒரே புகைச் சுருளோ ரெண்டு இடத்துல இருக்கான்னும் தேடுங்க.

உங்ககிட்ட அதே மேடையில் ஒரு அடி தள்ளி நின்னு எடுத்த இன்னொரு படம் இருந்தா, அதை முதல்ல பாருங்க. கேமரா நகர்ந்தா ஸ்டாண்ட் பின்னணியின் வேற பகுதியை மறைக்கும், இங்க மறைஞ்சது அங்க தெரியும். பின்னணி மங்கலா இருக்கிறதால கோணம் கொஞ்சம் மாறினாலும் பொருந்தும். விளக்கோட நிறம் மட்டும் மாறியிருக்கும், அதைக் கர்வ்ஸில் சரி பண்ணிக்கலாம்.

ஒண்ணு மட்டும். பத்திரிகைக்குச் செய்திப் படமா போகுதுன்னா இதைத் தொடாதீங்க, அங்க பொருளை நீக்குறது விதிமீறல். அதே மாதிரி ஸ்டாண்ட் கண்ணையோ விரல்களையோ மறைச்சா, கீழ இருக்கிறதை நாம ஊகிச்சு வரைய வேண்டியதாகும், அது அவங்க முகமா இருக்காது. அந்த மாதிரிப் படத்துல ஸ்டாண்டை அப்படியே விட்டு, அதோட பளபளப்பை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்க.