பள்ளிவாசலின் எல்லையும் இஃதிகாஃபின் எல்லையும்

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் இஃதிகாஃப் இருக்க நிய்யத் வைத்தவர்களுக்காக இன்று ஒரே ஒரு செய்தியை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிவாசல் எங்கே முடிகிறது என்பதுதான் அந்தச் செய்தி. நம் பகுதியில் பலருடைய இஃதிகாஃப் அவர்கள் அறியாமலேயே முறிந்துபோவது இந்த இடத்தில்தான்.

காவிரிப் படுகையின் உட்புற ஊர்களில் ஹனஃபி வழியினரும், கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியினரும் மிகுதி. ஷாஃபிஈ வழியில் சிறிது நேரத் தங்கலும் இஃதிகாஃப் ஆகும். அதற்கு நோன்பு நிபந்தனை இல்லை. ஹனஃபி வழியில் கடைசிப் பத்து நாள் இஃதிகாஃப் சுன்னத் முஅக்கதா கிஃபாயா, அதாவது மஹல்லாவில் ஒருவரேனும் இருந்துவிட்டால் மற்றவர்கள் பொறுப்பிலிருந்து நீங்குவார்கள். அதற்கு நோன்பும் வேண்டும். நான் இங்கே சொல்வது ஹனஃபி சட்டம்.

பிறை இருபதாம் நாள் நோன்பு திறப்பதற்கு முன்பே, சூரியன் மறையும்போது பள்ளிக்குள் இருக்க வேண்டும். இரவு முந்தி, பகல் பிந்தி என்பது நம் கணக்கு. ஆகவே அந்த மஃரிபுடன் இருபத்தொன்றாம் இரவு தொடங்கிவிடுகிறது. வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு இஷாவுக்கு வருபவர், லைலத்துல் கத்ரைத் தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஒற்றைப்படை இரவுகளில் முதலாவதின் ஒரு பகுதியை வெளியே கழித்துவிட்டார். அவருடைய இருப்பு நஃபிலாகுமே தவிர அந்தச் சுன்னத் ஆகாது. இஃதிகாஃபின் பெரும் சிறப்பும் இதில்தான் இருக்கிறது: அந்த இரவு பத்தில் எதுவாக அமைந்தாலும், உள்ளே இருப்பவர் உறங்கினாலும் இறையில்லத்தில்தான் இருக்கிறார்.

இனி எல்லைக்கு வருவோம். சுற்றுச்சுவருக்குள் இருப்பதெல்லாம் பள்ளி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொழுவதற்கென்று வக்ஃப் செய்யப்பட்ட இடமே சட்டப்படி பள்ளி. உள்பள்ளி அதில் அடங்கும். வெளிப்பள்ளி பெரும்பாலும் அடங்கும். ஹவுள், கழிப்பறை, செருப்பு விடும் இடம், கஞ்சி காய்ச்சும் கொட்டகை ஆகியவை வழக்கமாக அடங்குவதில்லை. உளுச் செய்யவும் கழிப்பறைக்கும் அந்த இடங்களுக்குப் போகலாம். காரியம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். காரணமின்றி ஒரு கணம் வெளியேறினாலும் முறிந்துவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அவர்களின் மாணவர்கள் இருவரும் அரை நாளுக்கு மேல் வெளியே இருந்தால்தான் முறியும் என்றார்கள். பேணுதல் முதல் தீர்ப்பில் இருக்கிறது.

நான் அறிந்த ஒரு விவசாயியின் நிலையைச் சொல்கிறேன். சம்பா அறுத்த வயலில் விதைத்திருந்த உளுந்து அறுவடைக்கு நின்ற நேரத்தில் அவர் இஃதிகாஃப் இருந்தார். வீட்டுச் செலவைப் பற்றி மகனிடம் பள்ளிக்குள் இருந்தபடியே கைபேசியில் பேசினார். அதில் குறை இல்லை. வியாபாரியோடு விலை பேசி லாபக் கணக்கில் இறங்குவது மக்ரூஹ் என்று சொன்னதும் அதை மகனிடமே விட்டுவிட்டார். இருபத்துமூன்றாம் நாள் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வழியில் உறவினரைப் பார்த்து, நடந்தபடியே நலம் விசாரித்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், இஃதிகாஃபின்போது தேவைக்காக வீட்டுக்குள் போனால், அங்கே நோயாளி இருந்தாலும் கடந்து போகிறபோதே விசாரித்ததாகச் சொல்கிறார்கள். ஆகவே அதுவும் சரியே. மறுநாள் உச்சி வெயில் தாங்காமல், உடல் குளிர்வதற்காகவே ஹவுளடிக்குப் போய்க் குளித்தார். அங்கே முறிந்துவிட்டது. கடமையான குளிப்புக்கு வெளியேறலாம். வெப்பம் தணிக்க வெளியேற முடியாது.

வெயில் காலத்தில் இது கடினம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழி இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் இருந்துகொண்டே தலையை மட்டும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைப்பக்கம் நீட்ட, அன்னையார் தலைவாரி விடுவார்கள். தலை வெளியே போவது வெளியேறுவது ஆகாது என்பதற்கு அதுவே ஆதாரம். பள்ளியின் விளிம்பில் கால்களை உள்ளே வைத்து உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். தொழும் இடம் மட்டும் நனையக் கூடாது.

முறிந்ததை அறிந்து அவர் கலங்கினார். ஒரு நாள் களாச் செய்தால் போதும் என்று சொன்னேன்: ஒரு மஃரிபுக்கு முன் நுழைந்து, மறுநாள் நோன்போடு இருந்து, அன்றைய மஃரிபுக்குப் பின் வெளியேறுவது. மிச்ச நாட்களை நஃபிலாக எண்ணி, ஷவ்வால் பிறை தெரியும்வரை அவர் பள்ளியிலேயே தங்கினார். பெருநாள் கழிந்த மறுவாரம் களாவையும் நிறைவேற்றினார்.

முத்தவல்லிகளிடம் ஒரு வேண்டுகோள். இருபதாம் நாள் அஸருக்குப் பின், இஃதிகாஃப் இருக்க வருபவர்களை அழைத்துப்போய், பள்ளி இதுவரை, இதற்கப்பால் பள்ளி இல்லை என்று தரையிலேயே காட்டிவிடுங்கள்.