555 என்று வந்தால் சிரிப்பா, அழுகையா, 555 ஜோடியா?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஆம்பூரில் இருந்து பேசுகிறேன். பின்னாடி கேட்பது கம்பெனி ஜெனரேட்டர், கண்டுகொள்ளாதீர்கள். நான் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பகல் முழுக்க வெளிநாட்டு பையர்களோடு வாட்ஸ்அப்பில் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆர்டர், சாம்பிள், கலர் எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் ஓடிவிடும். சிரிப்பை மட்டும் அவரவர் ஊர்ப்படிதான் தட்டுவார்கள்.

போன மாதம் ஒரு கூத்து. எங்கள் குரூப்பில் பாங்காக் பையர் இருக்கிறார், பக்கிள் சப்ளை பண்ணும் ஒரு சீனப் பெண் இருக்கிறார், எங்கள் ஸ்டோர் அண்ணனும் இருக்கிறார். சாம்பிள் ஷூ போய்ச் சேர்ந்ததும் பையர் போட்டார்: ‘லைனிங் கலர் மறுபடியும் மாறியிருக்கு 555’. உடனே சீனப் பெண் அழுகிற முகம் ஒன்றைப் போட்டு ஆறுதல் சொன்னார். ஸ்டோர் அண்ணன் என்னிடம் வந்து, “தம்பி, 555 ஜோடியிலயும் மாறிப்போச்சா?” என்று கேட்டார். டிசைனிங் பையன், “சார் சிரிக்கிறார்ணா, ஜாலியா எடுத்துக்கிட்டாரு” என்று சிரிக்கிற பொம்மை ஒன்றைக் குரூப்பில் தட்டிவிட்டான்.

தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு ‘ஹா’ என்று பெயர். அதனால் 555 என்றால் ஹா ஹா ஹா. சிரிப்பு கூடினால் ஐந்தும் கூடும், 55555 என்று நீளும். கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டு 555+ என்றும் எழுதுவார்கள், இன்னும் சிரிப்பு ஓடுகிறது என்கிற மாதிரி. சீனத்தில் அதே ஐந்து ‘வூ’. அவர்கள் விசும்பி அழும் சத்தமும் ‘வூ வூ வூ’தான். ஆகவே சீன இணையத்தில் 555 என்றால் அழுகை. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை, அவர் ஊர்க் கணக்கில் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

ஆனால் சிரிப்பு என்று சரியாகப் படித்த நம்ம பையன்தான் மாட்டிக்கொண்டான். தாய்லாந்தில் 555 வேடிக்கைக்கு மட்டும் வருவதில்லை. முகத்துக்கு நேராகக் குறை சொன்னால் எதிராளிக்குச் சங்கடம் என்று நினைத்து, குறையைச் சொல்லிவிட்டு மேலே கொஞ்சம் சிரிப்பைத் தூவுவார்கள். நாமும் செய்வதுதானே, “என்னங்க, இந்த மாசமும் பாக்கியா, ஹி ஹி” என்று? சிரிப்பை எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது நாம் சரிசெய்ய வேண்டிய வேலை என்றால் அது புகார். ‘மறுபடியும்’ என்கிற சொல்லே போதும். நான் பொம்மைக்குக் கீழேயே, எந்த லாட் தோல், புது சாம்பிள் என்றைக்குக் கிளம்பும் என்று எழுதினேன். அவர் ‘ok krub’ என்று முடித்துக்கொண்டார். அந்த ‘krub’ ஆண்கள் மரியாதைக்குச் சேர்ப்பது, நம்ம ‘ங்க’ மாதிரி.

ஸ்பெயின் பக்கம் இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே எல்ச்சே, எல்டா எல்லாம் செருப்புத் தொழில் ஊர்கள், நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரி. அவர்கள் ‘jajaja’ என்று போடுவதை நம்ம ஆட்கள் ‘ஜாஜாஜா’ என்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஸ்பானிஷில் j எழுத்து தொண்டையில் இருந்து வரும் ஹ. h எழுத்துக்கோ சத்தமே கிடையாது. அப்புறம் சிரிப்பை j வைத்துத்தானே எழுத முடியும்? ‘jajaja’ வந்தால் நிஜமாகவே சிரிக்கிறார், கூடச் சிரிக்கலாம். ‘jejeje’ கொஞ்சம் குறும்பு, அல்லது அசடு வழிவது. ‘jijiji’ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் கள்ளச் சிரிப்பு. ஒற்றை ‘ja’ வந்தால் உஷார், அது பெரும்பாலும் ‘ஆமாமா, நம்பிட்டேன்’ என்கிற நக்கல். டெலிவரி தேதி சொன்னதும் அது வந்தால், தேதியை நம்பவில்லை என்று அர்த்தம்.

நாம் திருப்பி என்ன போடுவது? சாதாரண ‘haha’ போதும், தாய்லாந்துக்காரருக்கும் ஸ்பெயின்காரருக்கும் அது புரியும். அவர் பல தடவை 555 போட்டுப் பழகிய பிறகு நீங்களும் ஒன்று போட்டால் சந்தோஷப்படுவார். முதல் நாளே வேண்டாம், ஒட்டாது. கிளெய்ம், பேமென்ட் பேச்சில் எந்த ஊர்ச் சிரிப்பும் வேண்டாம், அவர் சிரித்திருந்தாலும் சரி. மெயிலிலும் கூடாது, அதை அவருடைய முதலாளியும் படிப்பார்.

ஸ்டோர் அண்ணன் கேட்டதையும் சிரித்துத் தள்ள முடியாது. பாங்காக் பையர் ‘ok 555’ என்று மட்டும் போட்டால், அது அளவா சிரிப்பா என்று எப்படித் தெரியும்? அதனால் இப்போது குரூப்பில் எந்த எண் போட்டாலும் பக்கத்தில் ‘pairs’ என்று சேர்த்தே எழுதுகிறோம். எதுவும் சேர்க்காமல் 555 வந்தால் ஸ்டோரில் யாரும் தோல் எடுத்து வைப்பதில்லை.