ரசீதில் அச்சான முதிர்வுத் தொகை சரிதானா?

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியில் நிரந்தர வைப்பு போட்டவர்களில் பெரும்பாலோர் ரசீதை வாங்கியதும் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, போட்ட தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதன்பின் ரசீது நேராக பீரோவுக்குள் போய்விடும். கீழே அச்சாகியிருக்கும் முதிர்வுத் தொகையைக் கணினி போட்டதுதானே, அதில் தவறு வராது என்று ஒரு நம்பிக்கை. கணினி கணக்கில் தவறுவதில்லை, உண்மைதான். ஆனால் அதற்குள் வட்டி விகிதத்தையும் தேதியையும் திட்ட வகையையும் கொடுப்பவர் ஒரு மனிதர். அங்கேதான் பிசகு நேர்கிறது.

கையில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரசீதைச் சேர்ந்தே சரிபார்ப்போம். அசல் 2,00,000 ரூபாய். ஆண்டு வட்டி 7.2 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி. காலம் 400 நாள். தொடங்கும் தேதி 12.8.2025, முதிர்வுத் தேதி 16.9.2026.

ஆண்டு வட்டியை நான்கால் வகுத்தால் ஒரு காலாண்டுக்கு 1.8 சதவீதம். முதல் மூன்று மாத முடிவில் வட்டி 3,600 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 2,03,600 ஆகிறது. அடுத்த காலாண்டின் வட்டி இந்தப் புதிய தொகைக்கு. ஆகவே 3,664 ரூபாய் 80 காசு. இப்படியே நான்கு காலாண்டு போனால் ஓராண்டு முடிவில் 2,14,793 ரூபாய் 49 காசு நிற்கும். கைபேசிக் கால்குலேட்டரில் 2,00,000-ஐ 1.018 ஆல் நான்கு முறை பெருக்கினாலும் இதே விடைதான்.

ஓராண்டு 12.8.2026 அன்று முடிந்துவிடுகிறது. அதிலிருந்து முதிர்வுத் தேதி வரை 35 நாள் மிச்சம். பணம் போட்ட நாள் கணக்கில் சேரும், முதிர்வு நாள் சேராது. இந்த 35 நாளில் ஒரு முழுக் காலாண்டு இல்லை. இப்படி அரைகுறையாக நிற்கும் கடைசிக் காலாண்டுக்கு வங்கிகள் கூட்டு வட்டி போடுவதில்லை. அதுவரை சேர்ந்த தொகைக்கு, நாள் கணக்கில், தனி வட்டி தருகின்றன. 2,14,793.49-ஐ 7.2 சதவீதத்தால் பெருக்கி, 35 ஆல் பெருக்கி, 365 ஆல் வகுத்தால் 1,482 ரூபாய் 96 காசு. இரண்டையும் கூட்டினால் 2,16,276 ரூபாய் 45 காசு. ரசீதில் இருக்க வேண்டிய தொகை இதுதான். ஒரு ரூபாய்க்குள் முழுமையாக்கல் வேறுபாடு இருக்கலாம்.

இனி நம் கணக்கும் ரசீதும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? உடனே வங்கிக்கு ஓட வேண்டாம். வித்தியாசம் எத்தனை ரூபாய் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு ரூபாய் வித்தியாசம் என்றால் பிழை நம் பக்கம். கூட்டு வட்டிச் சூத்திரத்தில் 400 நாளையும் பின்னமாகப் போட்டால், அதாவது 4.3836 காலாண்டு என்று வைத்துக்கொண்டால், 2,16,268 ரூபாய் வரும். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் சில இப்படித்தான் கணக்கிடுகின்றன. நான்கு ரூபாய் மட்டும் குறைந்தால், மிச்ச நாள்களை 366 ஆல் வகுத்திருப்பார்கள். லீப் ஆண்டில் சில வங்கிகள் அப்படிச் செய்வதுண்டு. நம் ரசீதின் காலத்துக்குள் பிப்ரவரி 29 வராததால் இங்கே அதற்கு இடமில்லை.

42 ரூபாய் குறைந்தால் ஒரு நாள் வட்டி போயிருக்கிறது. தேதிகளைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் பணம் கழிந்த தேதியும் ரசீதில் வைப்பு தொடங்கும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? காசோலை கொடுத்துப் போட்ட வைப்பு, காசோலை பணமான நாளிலிருந்துதான் தொடங்கும். நேரடியாக மாற்றிய பணத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஏறக்குறைய 496 ரூபாய் குறைந்தால், முழுக் காலத்துக்கும் தனி வட்டி போட்டிருக்கிறார்கள். கூட்டு வட்டித் திட்டம் கேட்டவருக்கு வேறு திட்டம் பதிவாகியிருக்கலாம். முதிர்வுத் தொகை என்ற இடத்தில் வெறும் 2,00,000 என்றே இருந்தால், அது வட்டியை அவ்வப்போது வெளியே கொடுத்துவிடும் திட்டம். வட்டி சேமிப்புக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். பணம் எங்கும் போகவில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது ஏறக்குறைய 1,168 ரூபாய் வித்தியாசத்தை. மூத்த குடிமக்களுக்குப் பல வங்கிகள் அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. நம் ரசீதுக்கு அது 7.7 சதவீதம். அப்போது முதிர்வுத் தொகை 2,17,444 ரூபாய் ஆக வேண்டும். வங்கிப் பதிவில் பிறந்த தேதி தவறாக இருந்தாலோ, கூட்டாகப் போட்ட வைப்பில் வயது குறைந்தவர் பெயர் முதலில் இருந்தாலோ பொது விகிதமே விழுந்துவிடும். ரசீதில் 7.2 என்றும் அதற்கேற்ற தொகையும் அச்சாகியிருப்பதால், கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எனவே விகிதத்தை வங்கியின் அன்றைய வட்டிப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். அன்றைய என்று அழுத்திச் சொல்கிறேன். அடுத்த வாரம் பட்டியல் மாறிவிட்டால் நிரூபிப்பது கடினம். ரசீது கிடைத்த அன்றே பட்டியலை ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. விளம்பரத்தில் வரும் 'ஆண்டு வருவாய்' என்ற எண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். 7.2 சதவீதத்தில் 5 ஆண்டுக் கூட்டு வட்டியை ஐந்தால் வகுத்தால் சுமார் 8.57 வரும். அது பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வட்டி விகிதம் அதுவல்ல.

ரசீது சரியாக இருந்தும் முதிர்வு நாளில் பணம் குறைவாக வருவதுண்டு. அச்சான தொகை வரிப் பிடித்தத்துக்கு முந்தையது. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். பான் எண் கொடுத்திருந்தால் 10 சதவீதம். நம் வைப்பின் வட்டி மட்டும் அந்த வரம்பைத் தொடாது. ஆனால் அதே வங்கியில் உங்களுக்கு வேறு வைப்புகளும் இருந்தால் எல்லாம் சேர்ந்து தாண்டலாம். வைப்பிலிருந்தே ஒவ்வொரு காலாண்டும் வரி பிடிப்பதாகக் கொண்டால், கைக்கு வருவது சுமார் 2,14,604 ரூபாய். ரசீதைவிட 1,673 ரூபாய் குறைவு. இதில் வரியாகப் போனது 1,623 ரூபாய்தான். மீதி 50 ரூபாய், பிடித்துவிட்ட வரித் தொகைக்கு அடுத்த காலாண்டுகளில் வட்டி சேராமல் போனதால் வந்த குறைவு. வங்கி அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்த 1,623 ரூபாய் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்பதை மட்டும், வங்கி தரும் டி.டி.எஸ். சான்றிதழை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.