"கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், வீடியோவுக்கு மட்டும் தலைப்பு கிடைக்கவில்லை"

கேள்வி: "அண்ணா, நாங்கள் காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் தினமும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போகிறது. இதை வைத்தே ஒரு மாதத்துக்கு வீடியோ போடலாம் என்று சொல்லியிருந்தீர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியவில்லை."

இந்தக் கேள்வியோடு அந்தச் சகோதரி தனக்கு வந்த செய்திகளையும், பெயர், எண் எல்லாம் மறைத்து, படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அவற்றைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. அவ்வளவு நல்ல சரக்கு அதில் கிடக்கிறது.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள். கடைசி மூன்று மாதச் செய்திகளையும் கமெண்டுகளையும் கண்ணால் படித்து, ஒவ்வொரு கேள்வியையும் வந்தபடியே எழுதுங்கள். 'தேடு' பெட்டியில் கேள்விக்குறி போட்டுத் தேடினால் பாதி கிடைக்காது. நம் ஆட்கள் கேள்விக்குறி போடுவதில்லை. "எண்ணெய் அடியில ஏதோ நிக்குது" என்பதும் கேள்விதான். பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: கேட்டவர் வாங்குவதற்கு முன் கேட்டாரா, வாங்கிய பின் கேட்டாரா, பதில் சொன்ன பிறகு என்ன செய்தார். எண்ணும்போது ஆட்களை எண்ணுங்கள், செய்திகளை அல்ல. ஒருவரே பத்து முறை கேட்டால் அது ஒன்றுதான்.

இதில் சிலது தானாகக் கழிந்துவிடும். "லிட்டர் என்ன விலை", "சென்னைக்கு அனுப்புவீர்களா" என்பவற்றுக்கு வீடியோ வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸில் உடனடிப் பதிலாகச் சேமித்து வையுங்கள். "செக்கு போட எவ்வளவு செலவாகும்" என்று கேட்பவர் தொழில் தொடங்க வந்தவர், உங்கள் எண்ணெயை வாங்க வந்தவர் அல்ல. "இது கொலஸ்ட்ராலைக் குறைக்குமா" என்பதையும் ஒதுக்குங்கள். உணவுப் பொருள் விற்கிறவர் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது, 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளே அதைத் தடுக்கின்றன. மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மீதியில் அதிகம் பேர் கேட்டது, கடலை எண்ணெய் பொங்குவது. ஒருவர் "வடை போட்டா பொங்கி வழியுது" என்கிறார், இன்னொருவர் "கடை எண்ணெய் இப்படி நுரைக்காதே", மூன்றாமவர் "கலப்படம் இல்லையே?" மூன்றும் ஒன்று போலத் தெரியும். ஆனால் முதலாமவருக்கு வேண்டியது சமையல் வழி, இரண்டாமவருக்குக் காரணம், மூன்றாமவருக்கு நம்பிக்கை. ஆக, மூன்று வீடியோ.

காரணத்தைச் சொல்லும் வீடியோவில், சுத்திகரித்த எண்ணெயில் பிசின் போன்ற பொருளை ஆலையிலேயே நீக்கிவிடுகிறார்கள், செக்கு எண்ணெயில் அது தங்கியிருக்கிறது, கூடவே பொடிக் கசடும் ஈரமும் கொஞ்சம் இருக்கும், அதனால் சூட்டில் நுரை கட்டுகிறது என்று விளக்குங்கள். சமையல் வழிக்கான வீடியோவில் அடுப்பில் செய்தே காட்டுங்கள்: வாய் அகன்ற சட்டி, பாதிக்கு மேல் ஊற்றாத எண்ணெய், நன்றாக நீர் வடித்த மாவு. அந்தப் படங்களில் ஒரு அம்மா, "சின்னப் புளி உருண்டையைப் போட்டு எடுத்துட்டுப் பொரிங்க, அடங்கிடும்" என்று வேறொருவருக்குப் பதில் எழுதியிருக்கிறார். பல வீடுகளில் இருக்கும் பழக்கம் அது. கேமரா முன்னால் புளி போட்டும் போடாமலும் இரண்டு சட்டி வைத்து, என்ன நடக்கிறதோ அதை அப்படியே காட்டுங்கள். கலப்பட வீடியோவில் பேச்சைக் குறைத்து, கடலை செக்கில் விழுவதிலிருந்து எண்ணெய் வடிவது வரை வெட்டாமல் ஓட விடுங்கள். நுரை வருவதை மட்டும் வைத்துக் கலப்படம் உண்டு, இல்லை என்று முடிவு செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தலைப்புகளைப் பற்றி நான் எப்போதும் சொல்வதையே மறுபடி சொல்கிறேன். அந்தச் சகோதரி யோசித்து வைத்திருக்கும் தலைப்பு, 'மரச்செக்கு எண்ணெயின் நுரைக்கும் தன்மை'. தயவுசெய்து வேண்டாம். வடைச் சட்டி பொங்கும்போது எந்த அம்மாவும் அப்படித் தேட மாட்டார். 'கடலை எண்ணெய் பொங்கி வழியுது, என்ன செய்யறது' என்று அவர் எழுதியதே தலைப்பு. அடியில் தங்குவதைக் கசடு என்பவரும் உண்டு, மண்டி என்பவரும் உண்டு. உங்கள் செய்திகளில் எது அதிகம் வருகிறதோ அதை வையுங்கள்.

சரி, இப்போது என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். எந்தக் கேள்வி அதிகம் வருகிறது என்பதைவிட, எந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு ஆள் காணாமல் போகிறார்? நோட்டில் 'என்ன செய்தார்' என்று குறிக்கச் சொன்னது இதற்குத்தான். பொங்குவதைக் கேட்டவர்கள் ஏற்கெனவே வாங்கியவர்கள், திட்டிக்கொண்டாவது மறுபடி பேசுகிறார்கள். ஆனால் "கடையில இதைவிடக் கம்மிதானே" என்று கேட்டவர்கள், பதில் போனதும் அப்படியே நின்றுவிட்டார்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனாலும் மாதத்தின் முதல் வீடியோ இதுதான்.

அதைத் தராசில் காட்டுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அதை நிறுத்துக் காட்டி, அன்றைய பருப்பு விலையைப் பலகையில் எழுதி, ஆட்டுக்கூலி, பாட்டில் செலவைக் கூட்டி, புண்ணாக்கு விற்கும் காசைக் கழியுங்கள். மீதியைப் பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அதே தராசில் ஒரு லிட்டர் எண்ணெயை வையுங்கள், பாட்டில் எடை போகச் சுமார் 910 கிராம்தான் காட்டும். "லிட்டரா, கிலோவா, எடை குறையுதே" என்ற கேள்விக்கும் அங்கேயே ஒரு குட்டி வீடியோ ஆயிற்று.

எப்போது கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இரும்பு தோசைக்கல் விற்கும் ஒருவர் எனக்குத் தெரியும். "தோசை ஒட்டுது" என்ற செய்தி அவருக்குக் கல் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இப்போது பார்சல் சேர்ந்த அன்றைக்கே கல் பழக்கும் வீடியோவை அனுப்பிவிடுகிறார். உங்கள் மாதத்தையும் இப்படி அடுக்குங்கள். மாதத் தொடக்கம் சம்பளம் வந்து மளிகை வாங்கும் நேரம், அப்போது விலை, எடை, எந்தச் சமையலுக்கு எந்த எண்ணெய். பாட்டிலைத் திறந்து சமைக்க ஆரம்பித்திருப்பார்கள் என்றால் பொங்குவது, கசடு, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதை ஆடி மாதம் போட்டுப் பயனில்லை, மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகாரக் கேள்விகளைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு போடுங்கள்.

வாரம் மூன்று என்றால் மாதம் 12. அதில் ஒன்பதை மட்டும் இப்போது எழுதுங்கள், மூன்று இடத்தைக் காலியாக விடுங்கள். விலை வீடியோவுக்குக் கீழே "புண்ணாக்கு கிடைக்குமா", "எங்க கடலையைக் கொண்டுவந்தா ஆட்டித் தருவீங்களா" என்று வரத்தான் போகிறது. அதற்கான இடம் அது. வீடியோ போட்டதும் முன்பு அதைக் கேட்டவர்களுக்கு லிங்கை அனுப்புங்கள். அதன் பிறகும் அதே கேள்வி அதே வார்த்தையில் வந்தால் வீடியோவில் எதையோ காட்டாமல் விட்டிருக்கிறீர்கள், திரும்ப எடுங்கள். கேள்வி மாறி வந்தால், அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்பது தலைப்பையும் எழுதிக் கமெண்டில் போடுங்கள் சகோதரி, அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.