30-ம் தேதி இரவு என்றால் எந்த இரவு?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைய. அதனால் கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. மூன்று நாள் கருத்தரங்கு என்றால் பந்தலும் சாப்பாடும் எப்படியோ நடந்துவிடும். பேச வருகிறவரை ஊருக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் தூங்கவிட்டு, சொன்ன நேரத்துக்கு மைக் முன்னால் நிறுத்துவதுதான் சிரமம். அந்த வேலையில் முக்கால்வாசி மின்னஞ்சலில் நடக்கிறது. இப்படிக் கடிதம் எழுதுவதே என் பிழைப்பாகிப் போனதால், அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நள்ளிரவைத் தாண்டி வந்து இறங்கும் விருந்தினரைப் பற்றியது அது.

ஒரு கணக்குக்காக, கருத்தரங்கு அக்டோபர் 29, 30, 31, அதாவது வியாழன், வெள்ளி, சனி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். வெள்ளிக்கிழமை காலை 9.30-க்கு அவருடைய அமர்வு. ஏற்பாட்டாளர் அவருக்கு எழுதுகிறார்: "ஐயா, எப்போது வருகிறீர்கள்?" பதில் உடனே வந்துவிடுகிறது: "29-ம் தேதி இரவு வருகிறேன்."

கேட்கிறவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஆனால் பயணச்சீட்டில் இருப்பது என்ன? 29-ம் தேதி இரவு 22:50-க்குச் சிங்கப்பூரில் புறப்பாடு. சென்னையில் இறங்குவது 00:35. பக்கத்திலேயே பொடி எழுத்தில் +1 என்று ஒரு குறி. அப்படியென்றால் மறுநாள், 30-ம் தேதி. பேராசிரியர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஏறுகிற நாளைத்தான் எல்லோரும் வருகிற நாளாகச் சொல்வார்கள்.

சரி, ஏற்பாட்டாளர் விவரமானவர், சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டார். டிரைவருக்குச் செய்தி அனுப்புகிறார்: "30-ம் தேதி இரவு 12.35, சென்னை விமான நிலையம்." இங்கேதான் வண்டி தடம் புரள்கிறது. நம் ஊரில் விடிகிறவரைக்கும் பழைய நாள்தான். 30-ம் தேதி இரவு என்றால், டிரைவர் 30-ம் தேதி காலையில் எழுந்து, பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டி, சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்புவார். விருந்தினர் வந்து இறங்கி முழுசாக ஒரு நாள் ஆகியிருக்கும். "இரவு" என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறுமனே "30-ம் தேதி 12.35" என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. பகல் பன்னிரண்டரை என்று நினைத்துக்கொள்வார்.

நான் எழுதுகிற விதம் இது: "வியாழன் 29-ம் தேதி இரவுச் சாப்பாடு முடித்து, 9.30-க்கு வேலூரிலிருந்து கிளம்ப வேண்டும். விமானம் இறங்குவது அன்று நள்ளிரவு தாண்டி 00:35, அதாவது வெள்ளி 30-ம் தேதி பிறந்து 35 நிமிடம்." நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரைவருக்கு வேண்டியது விமானம் இறங்கும் நேரம் அல்ல, தான் கிளம்பும் நேரம். அதை முதலில் சொல்லிவிட்டால் மீதிக்கு வேலை குறைவு. கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்று தப்பாக இருந்தால் இரண்டும் ஒட்டாது, படிக்கிறவர் கூப்பிட்டுக் கேட்பார். "சார், வியாழக்கிழமை 29 தானே, நீங்க 30-னு போட்டிருக்கீங்களே?" என்று ஒரு போன் வந்தால் அந்தக் கடிதம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தங்கும் விடுதி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. விருந்தினர் 30-ம் தேதி வருகிறார் என்று 30-லிருந்து அறை போட்டுவிடுவார்கள். 00:35-க்கு இறங்கியவர் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து வேலூர் சுமார் 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிகள் வழிவிட்டால் விடிகாலை நான்கு, நான்கரைக்கு விடுதி வாசலில் நிற்பார். 30-ம் தேதி அறை என்றால் பல விடுதிகளில் பகல் 12 மணிக்குத்தான் சாவி. அதுவரைக்கும் வரவேற்பறை சோபாதான் கதி. ஆக, அறையை 29-லிருந்தே போட வேண்டும்.

அப்படிப் போட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. 29-ம் தேதி அறை எடுத்தவர் இரவு 11 வரை வரவில்லை என்றால், வரமாட்டார் என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆகவே விடுதிக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு வரி கட்டாயம்: "அறை 29 வியாழன் முதல். விருந்தினர் 30 வெள்ளி விடிகாலை 4.30 அளவில் வருவார். அதுவரை அறையை யாருக்கும் கொடுக்க வேண்டாம்." கூடவே, இரவுப் பணியில் இருப்பவரிடமும் இதைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் கடிதத்தைப் படித்தவர் வேறு, விடிகாலையில் கதவைத் திறப்பவர் வேறு.

இப்போது அமர்வுக்கு வருவோம். நான்கரைக்குப் படுத்தவர் ஒன்பதரைக்கு மேடையில் பேச முடியுமா? பேசுவார், பெரிய மனிதர்கள் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். அதனால் அவரைப் பிற்பகல் 2.30-க்கு மாற்றி, 2.30-க்குப் பேச இருந்த வாலாஜாபேட்டை அம்மையாரைக் காலைக்குக் கொண்டுவரலாம். பொதுவாகவே காலை முதல் அமர்வை உள்ளூர்க்காரருக்கோ முந்தின நாளே வந்து தங்கியவருக்கோ கொடுப்பது என் வழக்கம்.

இந்த மாற்றத்துக்கு மூன்று கடிதம் தேவை. அவை எந்த வரிசையில் போகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலரும் சிங்கப்பூர்க்காரருக்குத்தான் முதலில் எழுதுவார்கள்: "ஐயா, உங்கள் அமர்வை மதியத்துக்கு மாற்றிவிட்டோம்." அவர் நன்றி சொல்லிவிடுவார். அப்புறம் அம்மையார், "வெள்ளிக்கிழமை காலை எனக்கு வகுப்பு இருக்கிறதே" என்பார். இப்போது சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். எனவே, யார் விட்டுக்கொடுக்க வேண்டுமோ அவருக்குத்தான் முதல் கடிதம். அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "அம்மா, வெள்ளி 30-ம் தேதி உங்கள் அமர்வு பிற்பகல் 2.30-க்கு இருக்கிறது. அதைக் காலை 9.30-க்கு மாற்றிக்கொள்ள முடியுமா? வேறொரு பேச்சாளர் அன்று விடிகாலையில்தான் வந்து சேர்கிறார். திங்கள் மாலை 5-க்குள் சொன்னால் போதும். உங்கள் பதில் வரும்வரை பழைய நேரமே நீடிக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பதில் போடாதவர் சம்மதித்துவிட்டார் என்று நாமும், மாற்றம் நடக்கவில்லை என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்போம்.

அவர் சரி என்ற பிறகு சிங்கப்பூருக்கு. மூன்றாவது கடிதம் இரண்டு அமர்வுகளின் தலைவர்களுக்கும், அரங்கில் ஒலிபெருக்கியும் திரையும் பார்த்துக்கொள்கிறவருக்கும். அதில் புது நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. "2.30-லிருந்து 9.30-க்கு, அரங்கு மாறவில்லை" என்று பழையதையும் மாறாததையும் எழுத வேண்டும். மாற்றம் என்று ஒரு கடிதம் வந்தாலே அரங்கும் மாறியிருக்குமோ என்று ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

ரயிலில் வருகிறவர்களுக்கும் இதே நள்ளிரவுக் கணக்குதான். கோவையிலிருந்து சென்னை போகும் இரவு ரயில்களில் ஏறுகிறவர் விடிவதற்குள் காட்பாடி வந்துவிடுவார். ரயில் சென்னைக்குப் போகிறது, இவர் நல்ல தூக்கத்தில் இருக்கிறார், காட்பாடியில் வண்டி நிற்பதோ சில நிமிடம். கண் விழித்தால் அரக்கோணம். ரயில்வேயின் 139 எண்ணில் நிலையம் வருமுன் எழுப்பிவிடும் வசதி உண்டு; கடிதத்தில் அதை ஒரு வரி எழுதிவிடுவேன். இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் சீட்டு எடுக்கும்போது வேலூர் என்று தேடுவார்கள். வேலூர் கன்டோன்மென்ட் வரும், அது விழுப்புரம் போகும் பாதையில் இருக்கிறது. சென்னை, பெங்களூர், கோவை ரயிலெல்லாம் காட்பாடி சந்திப்பு வழியாகத்தான். அழைப்புக் கடிதத்திலேயே "காட்பாடி, நிலையக் குறியீடு KPD" என்று எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இணையம் வழியாகப் பேசுகிறவருக்கு வண்டியும் வேண்டாம், அறையும் வேண்டாம். ஆனால் கடிகாரம் இருக்கிறது. லண்டனிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை நம் நேரம் மாலை 4 மணிக்குப் பேசுகிறார். அக்டோபர் தொடக்கத்தில் நாம் கடிதம் எழுதும்போது லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். கணக்குப் போட்டு "உங்கள் நேரம் காலை 11.30" என்று எழுதிவிடுகிறோம். அக்டோபர் கடைசி ஞாயிறு, நம் கணக்கில் 25-ம் தேதி, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுகிறார்கள். இப்போது வித்தியாசம் ஐந்தரை மணி. நாம் எழுதியபடி அவர் 11.30-க்கு வந்து உட்கார்ந்தால் இங்கே மாலை 5. அரங்கில் எல்லோரும் டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். அமெரிக்காவில் இதே மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறு நடக்கிறது. அதாவது நம் கருத்தரங்கு முடிந்த பிறகு. ஒரே அமர்வில் லண்டன்காரரும் நியூயார்க்காரரும் இருந்தால் ஒருவருக்குக் கணக்கு மாறும், இன்னொருவருக்கு மாறாது. அவருக்காக நாம் கணக்குப் போடாமல் இருப்பதே நல்லது. இந்திய நேரத்தை மட்டும் எழுதி, நாள்காட்டி அழைப்பை இந்திய நேர மண்டலத்தில் அனுப்பினால், அவருடைய கைபேசியே அன்றைக்கு உரிய நேரத்தைக் காட்டிவிடும்.

திரும்பிப் போவதையும் வரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நிறைவு விழா நாலரைக்கு முடியும் என்று அச்சடித்திருப்போம், முடியாது. சிங்கப்பூர்க்காரருக்கு இரவு 11 மணிக்கு விமானம் என்றால் 8 மணிக்குச் சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை தொடங்கியிருக்கும், சனிக்கிழமை மாலை கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதே ஒரு வேலை. நாலு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். அப்படியென்றால் அவருக்குப் போர்த்த வேண்டிய சால்வையை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போர்த்திவிடுவதாக விழாக் குழுவுக்கு வியாழக்கிழமையே ஒரு கடிதம் போக வேண்டும்.

வணக்கம்.