இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக்

வணக்கம். சுழலும் சக்கரத்தை டிஸ்க் பிரேக் எத்தனை நொடியில் நிறுத்தும்? கணக்கு எளிதுதான். ஆனால் ஓரிடத்தில் எல்லோரும் தடுக்குவார்கள்.

பல வருடங்களுக்கு முன் பட்டறையில், மோட்டார் சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தாங்கியில் மாட்டி, நொடிக்கு 10 சுற்று வேகத்தில் சுழலவிட்டு பிரேக் பிடித்தோம். மாணவர் ஒருவர் 4 நொடி ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். நின்றது 2 நொடியில். கடிகாரம்தான் தப்பு என்று மறுபடி மறுபடி அளந்தார். ஒவ்வொரு முறையும் 2 நொடிதான்!

அவர் கணக்கைப் பார்ப்போம். பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் பேட் 200 நியூட்டன் விசையோடு டிஸ்கை அழுத்துகிறது, அதாவது 20 கிலோ எடை வைத்ததுபோல. உராய்வு எண் 0.4 என்பதால் உராய்வு விசை 80 நியூட்டன். பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர். பெருக்கினால் முறுக்குவிசை 8 நியூட்டன் மீட்டர். இதுவரை சரி.

ஆனால் பேட்கள் இரண்டு அல்லவா? டிஸ்கின் இரு பக்கமும் பேட்களைத் தாங்கி நிற்கும் அந்தக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான், அதனால் ஒரு பேடை மட்டும் எண்ணிவிட்டார். பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத் தள்ளும்போது எதிர்விசையால் காலிபரே பின்னால் நகர்ந்து, மறுபக்கத்துப் பேடையும் அதே விசையோடு இழுத்து அழுத்தும். ஆக 8 அல்ல, 16.

சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு, 0.5. நொடிக்கு 10 சுற்று என்றால், கோண அளவில் நொடிக்கு சுமார் 63 ரேடியன். இரண்டையும் பெருக்கி 16ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 நொடி. அதற்குள் சக்கரம் சுமார் 10 சுற்று சுற்றிவிடும். வேகம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும். சுற்றுகளோ நான்கு மடங்கு, டிஸ்கில் ஏறும் வெப்பமும் நான்கு மடங்கு.

மறுபடி சொல்கிறேன், இரண்டு பேட். காலிபர் நகரும் ஊசி துருப்பிடித்து இறுகினால் மறுபக்கத்துப் பேட் சரியாக அழுத்தாது. ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் அந்த ஊசியைத்தான் முதலில் பாருங்கள். லீவர் கல்லாக இருந்தும் பிரேக் பிடிக்கவில்லையா? பேடில் எண்ணெய் பட்டு உராய்வு எண் குறைந்திருக்கலாம். அது 0.1 ஆனால் 2 நொடி 8 ஆகிவிடும். லீவர் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அப்போது விசையே பேடுக்கு முழுதாகப் போகாது.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சாலையைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமல்ல, வண்டியையும் ஆளையும் சேர்த்து. மொத்தம் 150 கிலோ, சக்கர ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், அந்த 0.5 என்ற எண்ணோடு இன்னும் 13.5 கூடும். நன்றி, வணக்கம்.